இந்த வருஷம் யார் கட்டுவது

சென்னையில் நான் வேலை பார்க்கும் இறால் குஞ்சு நிறுவனம், மட்டக்களப்பு வாவிக்கரையில் புதிதாகப் போட்ட பண்ணையைக் கவனிக்க என்னை நான்கு மாதத்துக்கு அனுப்பியிருந்தது. ஆரையம்பதியில் ஓர் அக்காவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். சம்பளம் சென்னையில்தான் ஏறியது, வருமான வரியும் அங்கேதான் பிடித்தார்கள். மாரி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அலுவலகத்திலிருந்து வழக்கமான மின்னஞ்சல் வந்தது. வரிக்கழிவுக்கான ஆதாரங்களை ஜனவரிக்குள் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். நாகப்பட்டினத்தில் இருக்கும் அப்பா, அம்மாவின் மருத்துவக் காப்பீட்டை அதுவரை அவன்தான் வருஷா வருஷம் புதுப்பித்து வந்தான்.

"நான் புது வரிமுறைக்கு மாறிட்டேன். அதுல இந்தக் கழிவு கிடையாது. நீ பழைய முறையிலதானே இருக்க? இந்த வருஷம் நீ கட்டு. பெத்தவங்களுக்குன்னு தனியா இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் கழிப்பாங்க. அவங்க அறுபது தாண்டிட்டா அம்பதாயிரம். நம்ம வீட்டுல ரெண்டு பேருமே தாண்டியாச்சு."

"ஆளுக்கு அம்பதா?"

"ஆசையப் பாரு. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஆனா உன் கணக்குலருந்து நீயே கட்டணும். நான் கட்டினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல."

அண்ணனுக்கு வரி மிச்சம் பிடிப்பது ஒரு பக்தி. எனக்கும் பழைய முறையில் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்தியில் கொஞ்சம் பங்கு உண்டு. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மகள் காசா என்று முறுக்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முறுக்கவில்லை.

"என்னைக்குள்ள கட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, போனை வைக்கும்போது மறுபடியும் கேட்டார். கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கும் வரை அசையாத மனிதர் தேதியை இரண்டு தரம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

கட்டப் போனால் கட்ட முடியவில்லை. பணத்தை விடுவிக்க வேண்டிய ஓடிபி என் இந்திய எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம்முக்கு இங்கே உயிர் இல்லை. வந்த அன்றே கழற்றி, கம்மல் போட்டு வைக்கும் டப்பாவில் போட்டிருந்தேன். அதை எடுத்துப் போட்டு, ரோமிங் கேட்டு, வாவிக்கரையில் மழையில் குடை பிடித்து நின்றுகூடப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட எழவில்லை.

"அப்ப நான் கட்டிடவா?" என்றான் அண்ணன். கேட்ட தோரணையிலேயே மனசில்லை. "கட்டினா இந்த வருஷக் கழிவு வீணாப் போயிடும். ரெண்டு நாள் பாரு. தேதி தாண்டினாலும் முப்பது நாள் அவகாசம் இருக்கு."

"அவகாசம்னா என்னன்னு படிச்சியா? பழைய சலுகை போகாது, அவ்வளவுதான். பணம் கட்டாத அந்த நாள்ல ஏதாவது ஆச்சுன்னா காப்பீடு கிடையாது."

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போவுது?"

ஆனாலும் சரி என்றேன். வரி மிச்சம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மயக்கம்.

வீட்டுக்கார அக்காவிடம் அன்று புலம்பினேன். அவர் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்பாக்கு வருத்தம் வந்தா பாக்கிறத்துக்கு முதலே காசு கட்டி வைக்கணுமா? அதுக்கு அரசாங்கம் வரியில குறைக்குமா?"

"ஆமாக்கா." அங்கே நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர்.

"இஞ்ச வருத்தமெண்டா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். காசு கேக்க மாட்டாங்க. மருந்து இல்லாட்டி வெளியில வாங்கச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தணித்து அவசரப்படுத்தினார். "கட்டுறத்த கெதியா கட்டுங்க மகள். இந்த மழையும் நல்லதுக்கில்ல."

மழை நல்லதுக்கில்லைதான். வாவி ஏறி வேலிக்கம்பைத் தொட்டிருந்தது. தோணிகளைக் கவிழ்த்து மேட்டில் போட்டிருந்தார்கள். இங்கே கடலில் உருவான தாழமுக்கம், அதாவது புயல் சின்னம், வடக்கே நகர்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். வடக்கே என்றால் எங்கள் ஊர்ப் பக்கம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அப்பா படுத்திருக்கார். வாயுத் தொல்லை. பெருங்காயம் போட்டு மோர் குடுத்தேன்" என்றாள். அப்பா பகலில் படுக்கிறவர் இல்லை. டாக்டரிடம் போகச் சொன்னேன். மழை விடட்டும் என்றாள்.

தேதி தாண்டிய மறுநாள் ரோமிங் உயிர்பெற்றது. ஓடிபிக்குத் தயாராக உட்கார்ந்து பாலிசி எண்ணைத் தட்டினேன். இந்தப் பாலிசிக்குப் புதுப்பித்தல் இல்லை என்றது திரை. திரும்பத் தட்டினேன். அதே பதில். அவகாசம் என்று சொன்னதெல்லாம் பொய்யா? அவர்களுடைய இலவச எண் வெளிநாட்டிலிருந்து போகவில்லை. அண்ணனைக் கேட்கச் சொன்னேன். "இன்னைக்கு ஞாயிறு. நாளைக்குக் கேக்குறேன்" என்றான். அவனை அடிக்கலாம் போலிருந்தது.

சாயங்காலம் கரண்ட் போனது. நாகப்பட்டினத்துக்கு ஒரு போனும் போகவில்லை. அம்மா, அப்பா, பக்கத்து வீடு, எல்லா எண்ணும் ஒரே மாதிரி ஊமையாக இருந்தன. அக்கா விளக்கோடு வந்து என் அறையில் உட்கார்ந்தார்.

விடிந்து வெகுநேரம் கழித்து அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கும்மா. நெஞ்சு வலி. ஆபரேஷன் மாதிரி ஏதோ சொல்றாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்றேன். தனியார் என்றாள். காப்பீட்டுக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம்.

"அம்மா, அது செல்லாதும்மா. நாங்க கட்டல. பாவி, நாங்க ரெண்டு பேரும் கட்டல."

"என்னடி சொல்ற? கார்டு செல்லும்னு சொல்லிட்டாங்களே. அப்பாதான் போய்க் கட்டிட்டு வந்தாரே."

தேதி முடிவதற்கு முந்தின நாள், கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, அப்பா மழையில் பஸ் ஏறிப் போய்க் கிளையிலேயே கட்டியிருக்கிறார். ஏற்கெனவே புதுப்பித்தாகிவிட்டதால்தான் திரை என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அழுதேன். அக்கா வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனையும் அதே அழைப்பில் சேர்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ரொக்கமாவா கட்டினாரு? ரொக்கமாக் கட்டினா யாருக்குமே கழிவு கிடையாதே" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாகியிருக்க வேண்டும்.

"ஏம்மா அவரு எங்ககிட்ட சொல்லல? அவ்வளவு அவசரமா மழையில ஏன் போனாரு?"

அம்மா வார்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு மாசமாவே மாடி ஏறினா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டுத்தான் ஏறுவாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில சத்தியம் வாங்கிக்கிட்டாரு. பணம் கட்டப் போன அன்னைக்கும் வலியோடதான் போனாரு."

ஆக, அவர் தேதியை இரண்டாம் தரம் கேட்டபோதே வலி இருந்திருக்கிறது.

சாயங்காலம் அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். குரல் தூரத்திலிருந்து வந்தது.

"உனக்கு வரியில கழியாதாமே. அண்ணன் சொன்னான்."

"அத விடுங்கப்பா."

"அடுத்த வருஷம் நீயே கட்டும்மா."

கட்டுகிறேன் என்றேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். டாக்டரிடம் பேசிவிட்டு வந்திருந்தாள். போனை வாங்கிக்கொண்டு தள்ளி வந்து, "டாக்டர் அவ்வளவு நாள் சொல்லலடி" என்றாள்.