கணவாய்க்கு இரண்டு நிமிடம்

பதினெட்டு வருடம் அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொட்டியவள் மூத்த மருமகள். ஆனால் நேற்று வந்த சின்ன மருமகளின் கணவாய் மீன் வறுவலைத்தான் வீடே மெச்சியது. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றும் சின்னவள் கணவாயின் மைப்பையை எடுத்து, கண்ணாடி போன்ற தண்டை உருவி, மணல் போக அலசி, இரண்டே நிமிடம் வதக்கி அடுப்பை அணைத்தாள். அவள் குளிக்கப் போனதும் மூத்தவள் அடுப்பைப் பற்றவைத்துப் பத்து நிமிடம் வேகவிட்டாள்.

குளித்துவிட்டு வந்த சின்னவள் ஒரு துண்டை மென்று பார்த்தாள். ரப்பர்!

“பரவால்லக்கா, தண்ணி ஊத்தி இன்னும் முக்கா மணி நேரம் வேகவிட்டா பஞ்சாயிடும்.”

அப்படியே ஆனது. மூத்தவளின் கணவனே விரலை நக்கினான். “போன தடவையவிடப் பிரமாதம்மா!”

அதில் பாதிப் பெருமை தன்னுடையது என்று மூத்தவளால் வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை.