குலுக்க முடியாத கை

எல்ஸி அக்காவுக்கு வலது தோள் உறைந்துபோனது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதி வழியில் நிற்கும். அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏற்றினாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வேறு யாருக்காவது வந்திருந்தால் அது ஒரு வலி, அவ்வளவுதான். எல்ஸி அக்கா மலேசியாவில், ஈப்போ பழைய டவுனில் ஒரு பாரில் காக்டெயில் கலக்குகிறவர். அந்தத் தோள்தான் அவருடைய வேலை.

அவர் பிறந்தது பத்து காஜாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். பள்ளி முடித்ததும் கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். இருபது வருஷம் போல மெஷினிலிருந்து வரும் கையுறைகளை உருவிக்கொண்டே இருந்தார். அங்கே யாருக்கும் அவர் பெயர் தெரியாது, லைன் நம்பர்தான் தெரியும். பிறகு ஈப்போவுக்கு வந்து, கண்ணாடிக் குவளை கழுவுகிற வேலைக்கு அந்த பாரில் சேர்ந்தார். ஒரு நாள் பார்டெண்டர் வரவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகியிருந்த அக்கா கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றார். அதற்கப்புறம் அவரை யாரும் கழுவுகிற இடத்துக்கு அனுப்பவில்லை. கவுண்டருக்குப் பின்னால்தான் நாலு பேர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை விட்டுப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை.

எதைக் குலுக்குவது, எதைக் கரண்டியால் கலக்குவது என்று, அங்கே வாடிக்கையாகப் போகிற நான் ஒரு மதியம் கேட்டேன். கடை திறக்கிற நேரம், ஆள் இல்லை.

"எலுமிச்சை, முட்டை, சந்தான்னு சொல்ற தேங்காப்பால், பால், இதுல எது உள்ள போனாலும் ஷேக்தான்லா," என்றார். "வெறும் மது மட்டும்னா ஸ்டிர். ஜின்னும் வெர்மூத்தும் சேர்த்தா, கரண்டிய சத்தமில்லாம சுத்து. அவ்ளோதான்."

"ஏன் அக்கா, ரெண்டும் ஐஸ்ல கலக்குறதுதானே?"

அவர் ஒரே மதுவை இரண்டு விதமாகச் செய்து முன்னால் வைத்தார். குலுக்கியது மங்கலாக இருந்தது. உள்ளே பொடிப்பொடியாகக் காற்று, மேலே ஐஸ் சில்லு மிதந்தது, நாக்கில் இலேசாகப் பட்டு ஓடிவிட்டது. கலக்கியது கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. நாக்கில் எண்ணெய் போல வழுக்கி, கனமாக நின்றது. வேகமாக அடிபடும்போது ஐஸ் உடைந்து சீக்கிரம் குளிரும், தண்ணீரும் சீக்கிரம் சேரும், காற்றும் புகுந்துகொள்ளும். கரண்டியில் அதெல்லாம் மெதுவாக நடக்கும், காற்று புகாது. "புளிப்புக்குக் காத்து வேணும், இல்லன்னா வாய்ல குத்தும். வெறும் மதுக்குக் காத்து வேணாம், மெல்லிசாப் போயிரும்," என்றார்.

அந்தக் கடையின் பேர் போன பானம் புளிப்புதான். ஜின், லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையின் சாறு, 'அசாம் போய்' என்கிற உப்புப் புளிப்புப் பழ வற்றல் போட்ட சர்க்கரைப் பாகு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், பிறகு ஐஸ் போட்டு இன்னொரு முறை. அப்போதுதான் வெள்ளைக்கரு காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வெல்வெட் மாதிரி நுரை கட்டும். அக்கா இரண்டு கையாலும் ஷேக்கரைத் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்குவார். அந்தச் சத்தம் கேட்டால் மேசைக்கு மேசை போன் எழும்பும். வீடியோ எடுக்காமல் அந்தப் பானத்தை வாங்குகிற ஆளே கிடையாது.

அந்தத் தோள்தான் உறைந்தது.

பத்து காஜா ஆஸ்பத்திரியில் டாக்டர், "இது தானா விடும், ஆனா வருஷக் கணக்கா ஆகலாம், பாரம் தூக்காதீங்க," என்று சொல்லி, செய்ய வேண்டிய பயிற்சிகளைக் காட்டி அனுப்பினார். அக்கா அந்தப் பயிற்சியைச் செய்யவில்லை. சீக்கிரம் சரியாக வேண்டும் என்று எண்ணெய் போட்டு உருவுகிற ஒருவரிடம் போனார். அவர் கையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். அதற்குப் பிறகு பாதிக்கு வந்துகொண்டிருந்த கை கால்வாசிக்கு வந்தது. இதைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை ஷர்வின் வந்தான். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில் ஈப்போவுக்கு வந்து அந்தப் பானத்தைக் குடிக்காமல் திரும்ப மாட்டான். அக்கா அன்று ஷேக்கரைத் தூக்கவில்லை. கலவையை ஐஸ் கிளாசில் ஊற்றிக் கரண்டியால் சுற்றினார். வெள்ளைக்கருவை அப்படிச் சுற்றினால் அது கரையாது, நூல் நூலாகத் தொங்கும். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் வடிகட்டி வைத்தார்.

ஷர்வின் கிளாசை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். "அக்கா, இது என்னது, சளி மாதிரி?"

"குடிடா, டேஸ்ட் ஒண்ணுதான்."

"டேஸ்ட் ஒண்ணு இல்ல அக்கா. வாய்ல கூசுது. நொரையே காணோம்." பக்கத்து மேசைக்காரனிடம் திரும்பி, "மச்சான், எங்க அக்கா இன்னிக்கு ஜிம்முக்குப் போயிட்டு வந்து டயர்ட் ஆயிட்டாங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

கல்லாவில் இருந்த கவிநயா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டடம் அவர் குடும்பத்துடையது. லாபம் வந்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் பாரை அவர்தான் நடத்துகிறார். அக்காவை விட வயதில் மிகவும் சின்னவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்த வாரம் அக்கா இடது கையால் குலுக்கிப் பார்த்தார். ஐஸ் சும்மா உருண்டது. பால் நுரைக்கிற கைமெஷின் ஒன்றை வாங்கி வந்து அதைக் கிளாசில் விட்டார். பெரிய பெரிய குமிழாக எழும்பி, மேசைக்குப் போகும் முன்பே உடைந்தது. கவிநயா வந்து மெஷினை எடுத்து, கவுண்டர் லாச்சியை இழுத்து உள்ளே வைத்தார்.

"அக்கா, இது கடை. ஆளுங்க பாக்க வாராங்க. கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் சாக்கிட், வலிதான். சரியாயிரும்."

"சரியாகட்டும். ஆனா சனிக்கிழமைக்குள்ள அந்த நொரை வேணும் அக்கா. இல்லன்னா நான் என்ன செய்ய, சொல்லுங்க."

அக்கா வீட்டுக்குப் போய் யோசித்தார். நுரை தர முடியாது. குலுக்காமல் புளிப்பைக் கலக்க ஒரு வழி வேண்டும். குலுக்குவதற்கே காரணம் சாறு கலங்கலாக இருப்பதும் புளிப்பு வாயில் குத்துவதும்தானே. சாறு தெளிந்துவிட்டால்? பால் திரிந்தால் கட்டி தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிவதைச் சமையலறையில் பார்க்காதவர் யார். அப்படிப் பாலைத் திரித்து மதுவைத் தெளிய வைக்கிற ஒரு பழைய முறையை அவர் எப்போதோ வீடியோவில் பார்த்திருந்தார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து, ஜின்னையும் லிமாவ் சாற்றையும் பாகையும் கலந்து, பாலில் மெதுவாக ஊற்றினார். பால் உடனே திரிந்தது. பார்க்க வாந்தி மாதிரி இருந்தது. கோப்பி வடிக்கிற துணிப் பையில் ஊற்றித் தொங்கவிட்டார். முதலில் கலங்கலாகத்தான் சொட்டியது. அதை மறுபடியும் அந்தக் கட்டிகளின் மேலேயே ஊற்றினார். கட்டிகளே வடிகட்டியாகி, இரண்டாம் முறை தெளிவாகச் சொட்டியது. மதியம் முழுக்கச் சொட்டி, கடைசியில் குவளையில் இருந்தது வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிந்த நீர். ஐஸ் போட்டுக் கரண்டியால் நிதானமாகச் சுற்றி எனக்கு ஒரு வாய் கொடுத்தார். லிமாவும் அசாம் போயும் அப்படியே இருந்தன, ஆனால் எதுவும் குத்தவில்லை. பட்டு மாதிரி இறங்கியது. நான் எழுதுவதில் பாதி மிகை என்று நண்பர்கள் சொல்வார்கள். இது மிகை இல்லை. அந்தக் கை செய்த மிக நல்ல பானம் அதுதான்.

சனிக்கிழமை ஷர்வின் குடித்துவிட்டு, கிளாசை மறுபடியும் விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தான்.

"தண்ணி மாதிரி இருக்கு. ஆனா லிமாவ். எப்டிக்கா?"

"சும்மா குடி."

அன்று மாலை அந்தப் பானம்தான் எல்லா மேசைக்கும் போனது. அக்கா ஒரு முறைகூடத் தோளைத் தூக்கவில்லை. கடை மூடும்போது கவிநயா அவரைக் கட்டிப்பிடித்தார், வலிக்கிற பக்கமாகவே.

"இது எப்படி செஞ்சீங்கக்கா, எனக்குச் சொல்லுங்க."

அக்கா சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், பாலின் அளவு முதல் துணிப் பையை எப்படித் துவைப்பது என்பது வரை. முதலாளி ஒருவர் அவரிடம் இப்படி உட்கார்ந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஃப்ரிட்ஜ்ல வச்சா கெடாதா?"

"கெடாது. வாரக் கணக்குல நிக்கும். ஊத்தி, ஐஸ்ல சுத்திக் குடுத்தா போதும்."

"அப்ப சினாங்தான்," என்றார் கவிநயா. சுலபம்தான் என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

பிறகு பாட்டில்கள் வந்தன. அக்கா மதிய வேளைகளில் வடித்து வடித்து நிரப்பினார். அதற்குள் கீத் என்றொரு பையனைக் கவிநயா வேலைக்கு எடுத்தார். கோலாலம்பூரில் பார்டெண்டர் படிப்பு படித்தவன், தோள் இரண்டும் மாட்டுத் தோள். நுரைப் பானத்தை அவன் குலுக்கினான், போன்கள் மறுபடி எழும்பின. தெளிந்த பானத்தை அவனே பாட்டிலிலிருந்து ஊற்றிக் கரண்டியால் சுற்றினான். ஒரு மாலை முழுவதும் அக்கா கவுண்டருக்குப் பின்னால் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் குவளை துடைத்துக்கொண்டு நின்றார்.

கவிநயா திட்டவில்லை. மேசைக்கு அழைத்து, தேத்தண்ணி வரவழைத்துத்தான் சொன்னார்.

"கை நல்லா ஆகட்டும் அக்கா. ரெஸ்ட் எடுங்க. ஆனப்புறம் வாங்க, பாக்கலாம். போறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் நெறைய ஒரு தடவ வடிச்சு வச்சிட்டுப் போங்க, ப்ளீஸ்."

தோள் எப்போது ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது. "பாக்கலாம்" என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். இருந்தும் அவர் ஃப்ரிட்ஜ் நிறைய வடித்து வைத்தார். பாலைக் குறைத்து, கலங்கலாக விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆத்திரம். "அது எம்பேர்லதானே வெளிய போகுது," என்றார் அக்கா. மெனு அட்டையில் அவர் பேர் இல்லை.

கமுந்திங் தொழிற்சாலையிலும் கேட்டுப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்க முடியவில்லை. இப்போது பத்து காஜாவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். நான் போனபோது சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றி, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார், தாமதமாக.

அப்போது போன் அடித்தது. கவிநயா. அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பாட்டில் எல்லாம் கெட்டுப்போச்சு போல. மங்கலா இருக்கு, மேல நொரை வேற. கஸ்டமர் திருப்பி அனுப்புறாங்க. புது பேட்ச் போடணுமா? நீங்க வர முடியுமா?"

அக்கா போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். வாரேன் என்று சொல்லியிருக்கலாம். கெட்டுப்போச்சுதான், நான் வந்து போடுறேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது.

"கீத் அத ஷேக் பண்றானா?" என்று கேட்டார்.

பின்னால் யாரோ என்னவோ சொல்வது கேட்டது. "ஆமாக்கா, வீடியோக்காக."

"பாட்டில் கெடல. அதுல பாலோட சத்து கொஞ்சம் இருக்கு, குலுக்கினா நொரை கட்டும், காத்து ஏறி மங்கும். ஐஸ் ஒடஞ்சு தண்ணி வேற சேரும். குலுக்க வேணாம்னு சொல்லு. கரண்டிய அடில வச்சு மெதுவா சுத்தச் சொல்லு, தெளிஞ்சே நிக்கும்."

"ஓ. அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"தேங்க்ஸ்க்கா," என்றார் கவிநயா, நிம்மதியாக. கை எப்படி இருக்கிறது என்று கேட்காமலே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து அழைப்பு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை, பானம் தெளிவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் நானே போய்க் குடித்துப் பார்த்தேன். பட்டு மாதிரி இறங்கியது.