இடது பாதி கறுப்பு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். வில்லியனூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நாங்கள் நாலு பேர். கேம் செய்கிறவர்களுக்குக் கடல், ஏரி, மழைத்தண்ணீர் செய்து விற்கிறோம். திரையின் ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரலுக்கு ஷேடர் என்று பேர். ஏரி ஷேடர் முதலாளி எழுதியது, கடல் ஷேடர் நான் எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

டெஸ்டிங்குக்கு மடுகரையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில்தான் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முதலாளி முடிவு செய்வார். அந்த நேரம் பார்த்து, "அண்ணா, எங்க வூட்டு மெஷின்ல கடல்ல கறுப்பு கறுப்பா திட்டு வருது" என்று வந்து நின்றாள். அந்த மெஷின் அவளுடைய அண்ணன் கல்யாண வீடியோ எடிட் செய்ய வாங்கியது. கார்டு வேறு கம்பெனி. அலுவலகத்தில் எல்லா மெஷினும் ஒரே லாட்டில் வாங்கியது என்பதால் எல்லாக் கார்டும் ஒரே கம்பெனி. இங்கே திட்டு வரவே இல்லை.

"உங்க அண்ணன் மெஷின் சூடாவுது. இல்லன்னா கார்ட ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர்ல ஓட்டை. என் கோடுல இன்னா இருக்கு?" என்று எகிறினேன். மூன்றாவது முறை சொன்னபோது முதலாளி முன்னாடியே எகிறினேன். அவர் என்னைத்தான் நம்பினார். "இல்லாத பிரச்சினைய சொல்ற டெஸ்டர வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று அவள் காதில் விழும்படியே கேட்டார். அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவளிடமிருந்து மெயில். எனக்கு மட்டும்.

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மெயிலை நான் பார்த்ததில்லை. இரண்டு கார்டு, இரண்டு டிரைவர் எண், எதிர்பார்த்தது, கிடைத்தது. என் எண்ணூறு வரி ஷேடரை அவள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். அலை போயிற்று, வெளிச்சம் போயிற்று, நுரை போயிற்று. மிஞ்சியது ஏழு வரி. இடமிருந்து வலமாக மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரை போகும் ஓர் எண். அதை பவ் என்கிற அடுக்குக் கட்டளையில் போட்டு இரண்டாம் அடுக்கு. விடைதான் நிறம். அவ்வளவுதான். அவள் வீட்டுக் கார்டில் படத்தின் இடது பாதி கறுப்பு.

கீழே ஒரு வரி: "இரண்டு என்பதைக் கோடுக்குள் எழுதாமல் வெளியிலிருந்து அனுப்பிப் பாருங்கள் அண்ணா, உங்கள் மெஷினிலும் வரும்."

மாற்றி ஓட்டினேன். என் திரையிலும் இடது பாதி கறுத்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

மைனஸ் எண்ணை பவ்வில் போட்டால் விடைக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஷேடர் மொழியின் விதியே சொல்கிறது. நிரலைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் எங்கள் கம்பைலர், இரண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டு என் தப்பை மூடி வைத்திருந்தது. இரண்டு வெளியிலிருந்து வந்தபோது அந்தக் குறுக்குவழி அதற்குக் கிடைக்கவில்லை. அவளுடைய கார்டு லாகரிதம் வழியாகப் போயிற்று. மைனஸுக்கு லாகரிதம் கிடையாது. விடை எண்ணாகவே இல்லை, புள்ளி கறுப்பாயிற்று. அலை நீர்மட்டத்துக்குக் கீழே இறங்குகிற இடத்தில் எல்லாம் திட்டு. டிரைவர் ஓட்டை இல்லை. ஓட்டை என் வரியில்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்து நிமிஷம் அமுக்கிவிடலாமா என்றுதான் யோசித்தேன். பவ்வை எடுத்துவிட்டு ஒரு பெருக்கல் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் வேலையும் போகும். ஆனால் அந்த ஏழு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. மெயிலை முதலாளிக்கு அனுப்பி, மேலே எழுதினேன்: "தப்பு என்னுடையது. அவள் சொன்ன மூன்று முறையும் சரி. இவளை விட்டால் நமக்கு டெஸ்டர் கிடையாது."

சாயங்காலம் அவளை நிரந்தரமாக்கினார்கள். பஸ்ஸுக்குக் கிளம்பியவளிடம் கேட்டேன்: "ஏம்மா, எனக்கு மட்டும் அனுப்பினே? நான் அமுக்கியிருந்தா?"

"உங்க கோடுண்ணா. நீங்கதானே மொதல்ல பாக்கணும்."

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இன்பாக்ஸில் அவளிடமிருந்து புது மெயில், இந்த முறை முதலாளிக்கும் சேர்த்து: "ஏரி ஷேடரில் இதே தப்பு நான்கு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏழு வரி இணைத்திருக்கிறேன்."