தளராத மோட்டர்

குகதாசன் கிளிநொச்சியில் மோட்டர் திருத்துகிறவன். ரேடியோவில் தொடங்கி, தண்ணீர்ப் பம்புகளில் கை தேறி, நாற்பது வயதில் மோட்டரை ஆட்டுவிக்கும் புரோகிராம் எழுதுமளவுக்கு வந்தவன். கெட்டிக்காரன்தான், அதைப் பிறர் சொல்லும்வரை பொறுத்திருக்க மாட்டான்.

தண்ணீரூற்று என்ற ஊரில் பெண்கள் நடத்தும் தேங்காய்த் தும்புக் கயிற்றுக் கூடத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். தும்பு தடித்த இடத்தில் கயிறு முறுக்கும் மெசின் தளர்ந்தது, மெலிந்த இடத்தில் பாய்ந்தது. கயிறு சீராய் வரவில்லை. அவன் ஒரு புரோகிராம் எழுதினான். இவ்வளவு மின்சாரம் போனால் மோட்டர் இவ்வளவு வேகம் பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். பிடிக்கவில்லையென்றால் ஏதோ ஒன்று எதிர்த்து இழுக்கிறது. எவ்வளவு என்று கணித்து, அதே அளவு விசையை உடனே கூட்டிக் கொடுத்துவிடும். இழுப்பது என்னவென்று அதற்குத் தெரியாது.

கயிறு அழகாக வந்தது. ஆனால் கணித்த இழுவை எல்லை தாண்டினால் மெசின் நிற்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதியிருந்தான். சின்னத் தும்பு முடிச்சுக்கும் அது நின்றது.

"தம்பி, இது சும்மா சும்மா நிக்குது. எங்களுக்கு வேலையே ஓடல்ல," என்றாள் சிவலட்சுமி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கூடத்தில் அவளைப்போல வேகமாகத் தும்பு ஊட்ட ஆளில்லை.

"ஓம் அக்கா, இப்ப அது நிக்கிறதை நிப்பாட்டிவிடுறன். பிறகு ஆறுதலா வந்து சரிசெய்யிறன்."

எல்லையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு நாள் இருந்து சோதித்திருந்தால் போதும். வேலைக்கள்ளன், அந்த வரியையே எடுத்துவிட்டு வந்துவிட்டான்.

அவன் மறந்தது இன்னொன்று. முன்பு மெசின் தளர்ந்தால் பெண்கள் கையை எடுத்துவிடுவார்கள். அந்தத் தளர்ச்சிதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை. அதை இல்லாமல் செய்ததற்குத்தான் அவன் அன்று பெருமைப்பட்டான்.

மூன்றாம் கிழமை சிவலட்சுமியின் விரல்கள் தும்போடு சிக்கின. அவள் இழுத்தாள். மோட்டர் அதையும் சுமை என்று கணித்து, அவள் இழுத்த அளவுக்கு விசையைக் கூட்டியது. பக்கத்திலிருந்தவள் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மறுநாள் குகதாசன் மெசினில் பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்தான். இழுவை ஒன்றரைச் செக்கன் முழுதும் ஏறிக்கொண்டே போயிருந்தது. எந்த முடிச்சும் அவ்வளவுக்கு இழுத்ததில்லை. மெசினுக்கு இழுவை தெரிந்திருக்கிறது. நிற்கச் சொல்ல அந்த வரிதான் இல்லை. அவன் கதிரையில் உட்கார்ந்து அழுதான்.

ஆஸ்பத்திரியில் அவளே முந்திக்கொண்டாள். "நான்தானே தம்பி நிக்காம ஓடட்டும்னு சொன்னேன். நீங்க என்ன செய்வீங்க?"

ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வரியைத் திரும்ப எழுதினான். இப்போது மெசின் நாளுக்கு ஏழெட்டுத் தரம் சும்மா நிற்கிறது. கூடத்தில் ஒருவரும் குறை சொல்வதில்லை.