தங்கை செய்த விடியல்

முத்தையாபுரத்தில் அப்பாவுக்குக் கருப்பட்டி மூட்டைகளை அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கி இருந்தது. வியாபாரம் பெரிய கடைக்கு மாறிய பிறகு அது சும்மா கிடந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு ஷட்டர், பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. யாருக்கும் வேண்டாத அந்தக் கட்டிடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தாவரவியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் பிடிக்காமல், தொட்டிச் செடி வளர்த்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

நான் வளர்த்தது கலஞ்சோ. தடித்த இலை, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். டிசம்பரில் எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பீடத்துக்கும் தொட்டியோடு வாங்குவார்கள். அந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். பத்து மணி நேரம் வெளிச்சம், பதினாலு மணி நேரம் நல்ல இருட்டு. இப்படி ஒரு நாள் தவறாமல் சில வாரம் கொடுத்துவிட்டால், தானே பூக்கத் தீர்மானித்துக்கொள்ளும். எங்கள் ஊர் வெயிலில் இதை வெளியே செய்ய முடியாது. ஆகவே கிட்டங்கிக்குள் ஏசி போட்டு, அடுக்கடுக்காக இரும்புத் தட்டுகள் வைத்து, தட்டுக்கு மேல் எல்இடி விளக்குகள் கட்டியிருந்தேன். சுவரில் ஒரு டைமர். வட்டமான டயல் மெதுவாகச் சுற்றும். காலை ஏழுக்கு விளக்கைப் போடும், மாலை ஐந்துக்கு அணைக்கும். அதை நம்பித்தான் இரண்டு மூன்று டிசம்பர் ஓட்டினேன்.

பிறகு என் தங்கை கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே மின்னணுப் பலகைகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். வந்த மறுவாரமே அப்பா, "ஏளா, கிட்டங்கில பாதிய அவளுக்கு விட்டுக்கொடு. அவளும் ஏதாச்சும் செய்யட்டும்" என்றார். நடுவில் தடுப்புச் சுவர் எழும்பியது. ஷட்டர் என் பக்கம் வந்தது. அவள் பக்கத்துக்குச் சின்னக் கதவு. நாற்றும் மண்ணும் நான்தான் கொடுத்தேன். அவளும் கலஞ்சோவே போட்டாள்.

ஆனால் டைமர் வாங்கவில்லை. அதைத் தானே செய்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்னணுப் பலகை. அது வைஃபை வழியாக நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வைஃபை இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று நான் கேட்டேன், மடக்கிவிட்ட நினைப்பில். பலகையின் மூலையில் கைக்கடிகார பேட்டரி மாதிரி வட்டமாக ஒன்றைக் காட்டினாள்.

"இதுக்குன்னு தனியா ஒரு கடிகாரம் இருக்குக்கா. கரண்ட் போனாலும் இந்த பேட்டரில அது பாட்டுக்கு ஓடும். கரண்ட் வந்ததும் பலகை முதல்ல அதத்தான் கேக்கும், மணி என்னன்னு."

அதைவிட ஊரையே இழுத்தது அந்த விளக்கு எரிந்த விதம். என் அறையில் ஏழு மணிக்கு டக்கென்று ஒரு சத்தம், உடனே கண் கூசும் வெளிச்சம். அவள் அறையில் முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு தட்டுகளின் விளிம்பு மட்டும் தெரியும். பிறகு இலைகள். அரை மணி நேரத்தில் முழு வெளிச்சம். முதல் நாள் நேர்க்கோடாக ஏற்றிப் பார்த்தாள். ஆரம்பத்தில் வெளிச்சம் எகிறிக் குதித்து, அப்புறம் ஏறுவதே தெரியாமல் இருந்தது. நம் கண் மங்கலான வெளிச்சத்தில் சின்ன மாற்றத்தையும் பெரிதாகப் பார்க்கும் என்று சொல்லி, தொடக்கத்தில் மிக மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் ஏறும்படி மாற்றினாள். அதற்குப் பிறகுதான் அது விடியல் மாதிரியே ஆனது.

அப்பா தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு அங்கே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். என் அறைக்குள் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. வாசலில் நின்று, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போது கடைக்கு வரும் ஏரல் வியாபாரிகளையும் ஆத்தூர் வெற்றிலைக்காரரையும்கூடக் கூட்டிவந்து காட்டினார்.

"பாத்தியளா அண்ணாச்சி, எம்மவ சூரியனையே பெட்டிக்குள்ள வச்சிருக்கா."

எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் தேட வேண்டியதில்லை. தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்தப் பேச்சைக் கேட்பேன். அதே செடி, அதே மண், நான் கொடுத்த நாற்று.

"மொட்டு வைக்கதுக்கு இந்த விடியல் தேவையே இல்ல. செடிக்கு இருட்டு எவ்வளவு நேரம்கிறதுதான் கணக்கு" என்று ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும்ளா, பாக்க நல்லாருக்குல்லா" என்றார்.

நான் சொன்னது சரிதான். அது தங்கைக்கும் தெரியும். ஒரேயடியாக மின்சுமை ஏறாமல் இருந்தால் விளக்குக்கு நல்லது, உள்ளே வேலை செய்கிறவர் கண்ணுக்கும் நல்லது, அவ்வளவுதான் என்று அவளே சொன்னாள். நான் சொன்னது சரியாக இருந்தும் அது யாருக்கும் பொருட்டாக இல்லை என்பதுதான் என்னைத் தின்றது.

குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருந்தேன். கிடைத்தது. பத்து மணி நேரம் முழு வெளிச்சம் என்று வைத்து, காலையில் ஏறும் அரை மணியையும் மாலையில் இறங்கும் அரை மணியையும் அதற்கு வெளியே விட்டிருந்தாள்.

"மங்கலா இருந்தாலும் செடிக்கு அது பகல்தான். உன் கணக்குல பதினோரு மணி நேரம் ஆகுது. ஏறுறது இறங்குறது எல்லாம் பத்துக்குள்ள அடங்கணும்" என்றேன். குரலில் இருந்த ருசி எனக்கே கேட்டது.

அவள் மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்டினாள். ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு வந்தவர்களிடமெல்லாம், "இது அக்கா சொன்னது. நான் தப்பா வச்சிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பிடித்துக்கொண்டது. ரோட்டில் தண்ணீர், எங்கேயோ கம்பி அறுந்தது, மரம் சாய்ந்தது. பகலில் இரண்டு மணி நேரம் மூன்று மணி நேரம் என்று கரண்ட் போவது வழக்கமாகிவிட்டது. கரண்ட் போனால் ஏசியும் நின்றுவிடும். காற்று வரட்டும் என்று ஷட்டரைத் தூக்கிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் போன கரண்ட் மாலை நாலு மணி வரை வரவில்லை. வைஃபையும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அப்பா அவள் அறையில் நின்றிருந்தார். நானும் என் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போய் நின்றேன். எதற்காகப் போனேன் என்று எனக்குத் தெரியும். கரண்ட் வந்ததும் அந்தப் பலகை விழிக்க வேண்டும், மணி தெரியாமல் அதிகாலை என்று நினைத்துக்கொண்டு விடியலைத் தொடங்க வேண்டும், அதை அப்பா பார்க்க வேண்டும்.

கரண்ட் வந்தது. சிறிது நேரம் இருட்டு. பிறகு விளக்குகள் குதிக்காமல் சில நிமிடங்களில் ஏறி, அந்த நேரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அங்கே போய் நின்றன. நாலரைக்கு இறங்கத் தொடங்கின. ஐந்து மணிக்கு அறை இருட்டானது. பேட்டரிக் கடிகாரம் ஒரு நொடியும் நிற்கவில்லை.

"நெட்டு இல்லாமலா?" என்றார் அப்பா.

"இல்லாமத்தான்" என்றாள் தங்கை. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலைப் பார்த்து நடந்தேன்.

கார்த்திகை பிறந்தபோது அவள் செடிகளில் நுனி பிரிந்து குட்டி மொட்டுகள் தெரிந்தன. என் செடிகள் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று இலை மட்டும் விட்டுக்கொண்டு நின்றன. உரத்தை மாற்றினேன். தண்ணீரைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சாயங்காலம் நான் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு தங்கை போன் செய்தாள்.

"அக்கா, உன் ரூம்ல லைட் எரியுதே. ஷட்டருக்கு அடியில கோடு மாதிரி வெளிச்சம் தெரியுது."

"அஞ்சுக்கு அணைஞ்சிருக்குமே."

"மணி ஏழு தாண்டிட்டு. நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கிட்டங்கிக்குள் நடுப்பகல். டயல் இன்னும் நாலரை என்று காட்டிக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபடியே எல்லாம் புரிந்தது. கரண்ட் போனால் என் டைமரும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். விட்டுப்போன நேரத்தையெல்லாம் ஐந்து மணிக்கு மேல் கொடுத்துவிட்டுத்தான் அணையும். நடுவில் நான் ஷட்டரைத் தூக்கிப் பகல் வெளிச்சத்தையும் விட்டிருக்கிறேன். ஆக, கரண்ட் போன ஒவ்வொரு நாளும் செடிக்குப் பகல் அந்த அளவுக்கு நீண்டிருக்கிறது. மறுநாள் விளக்கு தாமதமாக எரிவதைப் பார்த்து டயலைத் திருகிச் சரிசெய்தேன். பூட்டிப் போன பிறகு உள்ளே என்ன நடந்தது என்று ஜன்னல் இல்லாத கட்டிடத்தில் யாருக்குத் தெரியும்? இருட்டுதான் கணக்கு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.

தங்கை பின்னாலிருந்து வந்து விளக்குச் சுவிட்சை அணைத்தாள். அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால், மாதா கோயில் அலங்காரம் பார்க்கிற அண்ணாச்சி வழக்கம்போல என்னிடம்தான் வந்தார். என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பூவையே காணும்?" என்றார். பக்கத்து அறைக்குக் கையைக் காட்டினேன். அவர் வண்டியில் தொட்டிகள் சிவப்பும் மஞ்சளுமாக ஏறிப் போவதை ஷட்டருக்குள் நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அவள் அறைக்குப் போனேன். காலி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு தாயேன்" என்றேன்.

துணியைக் கீழே வைத்தாள். "முதல்லயே ரெண்டு தடவ கேட்டேன், மாட்டட்டுமான்னு. வேண்டாம்னுட்ட."

"ஆமா."

"ஊரே வந்து பாத்துச்சு. ஒரு நாளாவது நீ வந்து நல்லாருக்குன்னு சொன்னியாக்கா? எல்லாரையும்விட நீ சொல்லணும்னுதான் எனக்கு இருந்துச்சு. நீ எப்ப வந்தாலும் குத்தம் பாக்கத்தான் வந்த."

இத்தனை நாள் நான் அவளைப் பார்த்துப் பொருமியதை அவள் முழுக்கத் தெரிந்து வைத்திருந்தாள்.

"நல்லாருக்கு" என்றேன். "அந்த முதல் பத்து நிமிஷம், இலை தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கும்லா, அது ரொம்ப நல்லாருக்கு."

அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நீ எப்ப பாத்த அத?"

"நீ வாரதுக்கு முன்னால, சின்னக் கதவத் தொறந்து. அப்பாவுக்கும் முன்னால. பல நாள் பாத்திருக்கேன்."

தை மாதம் என் அறையிலும் பலகை ஏறியது. இரண்டு அறைக்கும் ஒரே நேரம். கரண்ட் போனால் ஷட்டரைத் தூக்குவதையும் நானாகவே விட்டுவிட்டேன். காற்றுக்கு ஒரு விசிறியை இன்வெர்ட்டரில் மாட்டினோம். மாசியில் என் செடிகள் மொட்டு விட்டு, பங்குனிக் கடைசியில் பூத்தன. கிறிஸ்துமஸ் எப்போதோ முடிந்திருந்தது. நல்லவேளை, அந்த வருஷம் ஈஸ்டர் அதற்குப் பிறகு வந்தது. பாதித் தொட்டி போயிற்று.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இப்போது கோவில்பட்டியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் நர்சரிக்காரர்கள் அந்தப் பலகையைக் கேட்டுப் போன் செய்கிறார்கள். அவள் வேலையில் இருந்தால் நான்தான் எடுக்கிறேன். வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதும் பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும், பேட்டரியை அவ்வப்போது மாற்ற வேண்டும், நெட் இல்லாவிட்டாலும் ஓடும் என்று விளக்கமாகச் சொல்கிறேன். போன வாரம் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கதான் இதச் செஞ்சீங்களாம்மா?" என்றார்.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க, என் தங்கச்சி" என்றேன். சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.