உப்புமாவுக்கு நான் போட்ட நான்கு ஓட்டு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் ஷிப்டுக்குக் கேன்டீனில் இனி ஒரே டிபன்தான் என்று முடிவானது. எதைப் போடுவது என்று தொழிலாளர்களிடமே கேட்கச் சொன்னார் எங்கள் மேடம். கேட்டு வந்தவர் அசெம்பிளி லைனில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்யும் ஓர் அக்கா. கேன்டீன் கமிட்டியில் இருப்பவர். எண்பது பேரிடம் கேட்டு, ஒரு தாளில் கோடு போட்டு, அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

தாளின் தலைப்பில் ‘மொத்தம் 80 பேர்’ என்று எழுதியிருந்தார். கீழே இட்லி, பொங்கல், பூரி, உப்புமா, எதுவானாலும் சரி என்று ஐந்து வரிசை. நான்கு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே விழும்; அது ஒரு கட்டு. நான் பள்ளியில் கணக்கில் சதம் அடித்தவன். அந்தத் திமிரோடு போனைப் பெரிதாக்கி எண்ணினேன். இட்லிக்கு நான்கு கட்டும் மூன்று கோடும், இருபத்து மூன்று. பொங்கலுக்கு ஐந்து கட்டும் இரண்டும், இருபத்து ஏழு. பூரிக்குச் சரியாக ஐந்து கட்டு, இருபத்து ஐந்து. உப்புமாவுக்கு ஒன்றுமில்லை. எதுவானாலும் சரி, ஒன்று.

கூட்டினால் எழுபத்தாறு.

மறுபடி எண்ணினேன். எழுபத்தாறுதான். அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் நினைத்தது இதுதான்: பாவம், லைனில் நிற்பவர், எங்கேயோ நான்கு கோடு விட்டுவிட்டார். நாமே பெருந்தன்மையாகச் சரிசெய்துவிடுவோம். காலியாகக் கிடந்த உப்புமா வரிசையில் நான்கு என்று தட்டினேன். இப்போது கூட்டினால் எண்பது. எதற்கு எத்தனை ஓட்டு என்ற நிகழ்வெண் அட்டவணை அத்தனை அழகாக வந்தது. ஆதாரமாகப் போட்டோவையும் பக்கத்தில் ஒட்டினேன். ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல் பெரிதாகத் தெரிந்தது. பார்க்க நன்றாக இல்லையென்று அதை வெட்டிவிட்டேன்.

பொங்கல் வென்றது என்ற நோட்டீஸ், அந்த அட்டவணையோடு, மறுநாள் காலை கேன்டீன் வாசலில் ஏறியது. டீ பிரேக்கில் அந்த அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார்.

“இன்னா சார், உப்புமாக்கு நாலு பேரு போட்டுகிறாங்க?”

“நீங்க அனுப்பினதுதான்கா.”

“நான் உப்புமாக்கு ஒரு கோடு கூட போடல சார். பேரைச் சொன்னதுமே அல்லாரும் சிரிச்சிட்டாங்க. யாரு சார் அந்த நாலு பேரு?”

பக்கத்து மேஜைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுபத்தாறுதான் வந்தது, அதனால் சமன் செய்தேன் என்றேன். ‘சமன்’ என்ற சொல் அப்போது எனக்கே பிடிக்கவில்லை.

“நாலு கொறஞ்சா என்னாண்ட கேக்க மாட்டீங்களா?” என்றபடி சாப்பாட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். பூரி வரிசையில் ஐந்து கட்டு முடிந்ததும், தாளின் ஓரத்தை ஒட்டி நான்கு கோடு நின்றன. குறுக்குக் கோடு விழாத நான்கு. போட்டோ எடுக்கும்போது அவர் தாளைப் பிடித்திருந்த இடம் அது. போனில் பழைய போட்டோவைத் திறந்தேன். வரிசையின் முடிவில் கட்டைவிரல். நான் அசிங்கமென்று வெட்டியெறிந்த அதே விரல்.

பூரி இருபத்து ஒன்பது. பொங்கல் இருபத்து ஏழு. இவற்றோடு இட்லியின் இருபத்து மூன்றும் ‘எதுவானாலும் சரி’ ஒன்றும் சேர்ந்தால் எண்பது. ஒரு கோடும் தவறவில்லை.

“வெரலு என்னுது, எம்மேலயும் தப்பு கீது சார். ஆனா அந்த உப்புமா உங்களுது” என்றார். சிரிக்கவே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. “கூட்டுத்தொகை சரியா வந்தா கணக்கு சரின்னு அர்த்தமில்ல. ஆனா சரியா வரலன்னா எங்கயோ தப்புன்னு நிச்சயம். அந்த நாலு கொறஞ்சது கொடுத்த தகவலை நீ அமுக்கிட்ட” என்றார். பிறகு, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு வாங்கிவிட்ட கேன்டீன்காரரிடம் நானே பேசவேண்டும் என்றார். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி எழுதுவதாக இல்லை.

புதிய நோட்டீஸை நானே ஒட்டினேன். சில வாரம் ‘உப்புமா சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அடுத்து பேருந்து நேரம் பற்றிய கணக்கெடுப்பு வந்தபோது, படப்பை போகும் கம்பெனி வண்டி நிற்கும் இடத்தில் நானே தாள் செருகிய அட்டையோடு நின்றேன். ஐம்பது பேரிடம் கேட்டதாகத் தாளில் எழுதினேன். கோடுகளை எண்ணினால் ஐம்பத்தொன்று. தாளை வெளிச்சத்தில் பிடித்தேன், மறுபக்கம் திருப்பினேன், மூன்று முறை எண்ணினேன். ஐம்பத்தொன்றுதான். ஒரு கோட்டை அழிக்கக் கை நீண்டது. அழிக்காமல் அடியில் எழுதினேன்: ‘ஒன்று கூடுதல். யாரையோ இரண்டு முறை கேட்டிருக்கிறேன், அல்லது தலையைத் தப்பாக எண்ணியிருக்கிறேன். எதுவென்று தெரியவில்லை.’