முதலில் நினைவுக்கு வரும் பெயர்

கணவர் போனபிறகு அவருடைய நாற்காலியில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. 'நுரைமலர்' சலவை சோப்புக் கம்பெனியின் முதலாளியம்மா ஆன பிறகும், சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் என்றால் பெரிய கும்பல் இல்லை. அவள், கணக்குப் பார்க்கும் மகள், விற்பனை பார்க்கும் கொழுந்தன். மூன்றே பேர்.

மகள் மேசைமேல் ஒரே ஒரு தாளை வைப்பாள். அவள் அதை டாஷ்போர்டு என்பாள். மற்ற இருவருக்கும் அது மாசப் பக்கம். அதே மூன்று சந்தைகளில், மாதாமாதம் நூறு பேரிடம், அதே கேள்விகள். சலவை சோப்பு என்றால் முதலில் என்ன பெயர் ஞாபகம் வருகிறது? 'நுரைமலர்' என்று கேள்விப்பட்டதுண்டா? வாங்கியிருந்தால் மறுபடி வாங்குவீர்களா? தெரிந்தவர்களுக்குச் சொல்வீர்களா? கீழே, எத்தனை கடைகளில் சரக்கு இருக்கிறது, ஆயிரம் கட்டிக்கு எத்தனை புகார் என்று இரண்டு வரி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், கடந்த மூன்று மாதச் சராசரி.

அன்றைக்குத் தாளைப் பார்த்ததும் கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினார்.

"முதல் வரி மறுபடியும் கீழ போயிடுச்சே. நூத்துக்கு முப்பது பேர் சொன்னது போய் பத்தொம்பதா? விலையைக் குறைச்சாத்தான் பொழைப்போம் அண்ணி."

"ஒரு மாசத்துல நாலஞ்சு பேர் கூடக்கொறைய வந்தா பயப்பட வேண்டாம் சித்தப்பா, அது தற்செயலாவும் இருக்கும். ஆனா சராசரியே ஆறு மாசமா எறங்கிட்டிருக்கு. அதான் பயமா இருக்கு" என்றாள் மகள்.

"அப்படின்னா கேள்வியை மாத்து. சோப்பைக் காட்டிக் கேட்டா எல்லாரும் தெரியும்னுதானே சொல்லுவாங்க?"

"தராசை மாத்தினா உடம்பு எளைக்குமா? அப்புறம் போன மாசத்தோட இந்த மாசத்தை எப்படி ஒப்பிடறது?"

முதலாளியம்மா விரலால் அடுத்த வரிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுபடி வாங்குவோம் என்றவர்கள் குறையவில்லை. அடுத்தவரிடம் சொல்வோம் என்றவர்களும் அப்படியே. கடைகளிலும் சரக்கு இருக்கிறது. கையில் எடுத்தவர்கள் யாரும் சோப்பை விட்டுப் போகவில்லை. எடுக்காதவர்கள் நாவில்தான் பெயர் வரவில்லை.

"விலை இல்ல தம்பி" என்றாள். "விலைன்னா பழைய ஆளுங்க மொதல்ல போயிருப்பாங்க."

மகள் தயங்கியபடி இன்னொரு தாளை எடுத்தாள். முதல் கேள்விக்கு ஆறு மாதமாகச் சனங்கள் சொன்ன பதில்கள், சொன்னது சொன்னபடி. இவர்கள் சோப்பைச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் 'நுரைமலர்' என்று சொன்னதே இல்லை. 'தாடிக்காரர் சோப்பு' என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதையும் தங்கள் சோப்பின் பெயராகவே ஆரம்பத்திலிருந்து எண்ணி வந்தார்கள். சரிந்ததெல்லாம் அந்தப் பதில்தான்.

சந்தைச் சந்தையாய்ப் போய், வாளித் தண்ணீரில் அழுக்குச் சட்டைக் காலரைத் துவைத்துக் காட்டிய தாடிக்காரர் அவள் கணவர்தான். "தாடி மட்டும் ஏன் வெளுத்துப் போச்சு?" என்று கேட்டால், "நம்ம சோப்புதான்!" என்று சிரிப்பார். அவர் மறக்கப்படுவது மாதாமாதம் எண்ணாகத் தன் கைக்கு வந்துகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"சந்தைக்கு நீங்க போறதில்லையா தம்பி?" என்று கேட்டாள்.

கொழுந்தன் தலை குனிந்தார். "கடைக்குப் போறேன் அண்ணி. சந்தையில நிக்க முடியல. வாளியை வெச்சதுமே, 'அண்ணன் எங்கே'ன்னு கேக்கறாங்க. பதில் சொல்லி மாளல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும்தான் அந்த நாற்காலியில் உட்காரவில்லையே.

"ரெண்டு பேருமாப் போவோம். கேட்டா நான் சொல்றேன்."

முதல் சந்தையிலேயே ஒரு பூக்காரி கேட்டாள். "அவர் போயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா சோப்பை வாளியில் நனைத்தாள். பூக்காரி தன் பை ஒன்றை நீட்டி, "இதைத் துவைச்சுக் காட்டு" என்றாள். துவைத்தாள். அடுத்த வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும்.

எண் உடனே ஏறிவிடவில்லை. இரண்டு கூட்டங்களில் அது படுத்தே கிடந்தது. பிறகு சரிவு நின்றது. மழைக்காலம் முடியும்போது சராசரி இருபத்தாறைத் தொட்டது. ஆனால் சனங்கள் இப்போது 'நுரைமலர்' என்றே சொன்னார்கள். 'தாடிக்காரர்' என்றவர்கள் மூன்றே பேர். கம்பெனி பிழைத்துக்கொண்டது, அவர் இல்லாமலே. மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா பேர்ல வர்ற பதிலைத் தனியா எண்ணிக் காட்டணுமா? வேணாம்னா விட்டுடறேன்" என்றாள் மகள், மெல்ல.

"மொத்தத்துல எப்பவும்போல சேத்து எண்ணு. தனியா எனக்குக் காட்ட வேணாம்."

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, விரலைக் கடைசி வரிக்கு நகர்த்தினாள்.

"புகார் மூணு மாசமா ஏறிட்டிருக்கே, என்னது?"

"உறை ஓரத்துல கிழியுதாம் அண்ணி. தாள் மெலிசா வருது."

"உறை அடிச்சுக் குடுக்கிற அச்சகத்துக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.